பணம் எங்கே என்று சொல்லும் தமிழ்

விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் முடிந்த கையோடு பனிக்கட்டிக்கும் வண்டி வாடகைக்கும் பணம் கொடுத்தாக வேண்டும். இன்று அது கைப்பேசி வழியாகவும் செல்கிறது. ஒரு மீன் வியாபாரி, பனிக்கட்டி தந்தவரின் எண்ணுக்கு யுபிஐ மூலம் 4,800 ரூபாய் அனுப்புகிறார் என்று கொள்வோம். திரையில் தோன்றுவது: "பரிவர்த்தனை காலாவதியானது. கோரிக்கையை நிறைவேற்ற இயலவில்லை." கீழே ஒரே பொத்தான், "மறுமுயற்சி". அவர் அதைத் தொடுகிறார். சற்று நேரத்தில் முதலில் அனுப்பிய தொகையும் போய்ச் சேர, கணக்கிலிருந்து 9,600 ரூபாய் குறைந்திருக்கிறது.

இங்கே பிழை செய்தவர் வியாபாரி அல்லர்; அந்த வாசகமே. அனுப்புபவரின் வங்கி பணத்தை எடுத்துவிட்டது. பெறுபவரின் வங்கியிலிருந்து உரிய நேரத்தில் பதில் வரவில்லை. செயலிக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பதில் வராமை வேறு, பணம் சேராமை வேறு. இரண்டையும் ஒரே சொற்றொடரில் போட்டு மூடிவிட்டு மறுபடி அனுப்பச் சொல்வது, கடினத் தமிழ் என்பதைவிடத் தவறான தகவல் என்பதே பொருந்தும்.

நாம் எழுதுவதாயின் இப்படி எழுதுவோம்: "நீங்கள் அனுப்பிய ரூ.4,800 போய்ச் சேர்ந்ததா என்று இன்னும் தெரியவில்லை. இப்போது மறுபடி அனுப்ப வேண்டாம். பணம் சேராவிட்டால், நாளைக்குள் உங்கள் கணக்குக்கே திரும்பிவிட வேண்டும்." பொத்தானில் "நிலையைப் பார்" என்றிருக்கும்.

'நாளைக்குள்' என்பது ஆறுதலுக்காகச் சேர்த்த சொல் அன்று. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, ஒருவர் கணக்கிலிருந்து மற்றவர் கணக்குக்கு யுபிஐ வழியே அனுப்பிய பணம் சேராவிடில், அது மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தியதில் பணம் பிடிக்கப்பட்டு, கடைக்கு உறுதிச்செய்தி வராவிட்டால் கெடு ஐந்து நாள். கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. வாடிக்கையாளர் புகார் தருமுன்னரே அது வரவு வைக்கப்பட வேண்டும். எனவே கடைக்கான வாசகத்தில் 'நாளைக்குள்' என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். இரண்டு நிலைக்கும் இரண்டு வாசகம் வேண்டும்.

சொற்களைத் தேர்வதிலும் இடம் பார்க்க வேண்டியிருக்கிறது. 'காலாவதி' என்றால் தமிழருக்கு மருந்து அட்டையும் ஓட்டுநர் உரிமமும் நினைவுக்கு வரும். மலையாளமும் பேசும் விழிஞ்ஞத்தாருக்கோ 'காலாவதி' கால அளவையும் தவணையையும் குறிக்கும் சொல். 'செல்லாத பின் எண்' என்பதும் அப்படியே: 2016 நவம்பருக்குப் பின் 'செல்லாத' என்ற சொல்லை ஏடிஎம் அருகில் யாரும் அமைதியாகப் படிப்பதில்லை. "பின் எண் தவறு. சரிபார்த்து மறுபடி இடுங்கள்" என்றால் போதும். 'பின்', 'ஓடிபி' ஆகியவற்றுக்குத் தூய தமிழ்ச்சொல் தேடுவதை இங்கே நாம் ஆதரிப்பதில்லை. வாடிக்கையாளர் சொல்லும் சொல்லே திரையிலும் இருக்கட்டும்.

பொத்தான்களில் இன்னொரு சிக்கல். "பணம் அனுப்புவதை ரத்து செய்யவா?" என்று கேட்டுவிட்டு, 'சரி', 'ரத்து' என இரு பொத்தான்கள் வைத்தால், நிறுத்த விரும்புபவர் எதைத் தொடுவார்? இரண்டும் ரத்து போலவே தோன்றும். 'அனுப்பாதே', 'அனுப்பு' என்று எழுதினால் கேள்வியைப் படிக்காதவரும் பிழைப்பார்.

'அனுப்பு' மரியாதைக் குறைவு ஆகாதா என்று நம் அலுவலகங்களில் கேட்பதுண்டு. ஆகாது என்பதே நம் கருத்து. செய்தியில் பேசுவது வங்கி. அங்கே 'பாருங்கள்', 'இடுங்கள்' என்ற மரியாதை வேண்டும். பொத்தானிலோ வாடிக்கையாளர் கருவிக்கு ஆணையிடுகிறார். கருவியை யாரும் 'அனுப்பவும்' என்று வேண்டிக்கொள்வதில்லை. அன்றியும், சிறிய திரையில் நீண்ட வினைமுற்று "உறுதிப்படுத்த…" என்று பாதியில் அறுந்துபோகும்.

நட்பான நடைக்கும் அளவுண்டு. 4,800 ரூபாய் எங்கே என்று தெரியாமல் நிற்பவரிடம் "அச்சச்சோ! ஏதோ கோளாறு" என்பது குழைவு, அவருக்கு அது உதவாது. "கவலைப்படாதீர்கள்" என்பதும், கெடு எது என்று உடன் சொல்லாவிட்டால், வெறும் சொல்லே.

வாசகம் சரியா என்று அறிய, அதை அலுவலகத்துக்குள் படித்துப் பார்த்தால் போதாது. செயலியை அறியாத ஒருவருக்கு ஒருமுறை வாசித்துக் காட்டி, "பணம் இப்போது எங்கே? அடுத்து எதைத் தொடுவீர்கள்?" என்று மட்டும் கேட்க வேண்டும். இரண்டில் ஒன்றுக்குத் தயங்கினாலும் மாற்றி எழுதுவதே முறை. U30 போன்ற பிழைக் குறியீட்டை மட்டும் நீக்கிவிடக் கூடாது. அது அடியில் சிறிய எழுத்தில் இருந்தால், கிளைக்கு வருபவரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் குறையும்.