ஒரே வேலை, ஒரே தினக்கூலி... தற்காலிக ஊழியருக்கு மட்டும் ஏன் ₹46,800 குறையுது?

இராமேஸ்வரம், மண்டபம் பகுதியில ரயில்வே, மீன்வள ஆராய்ச்சி மையம், கடலோரக் காவல்படைன்னு மத்திய அரசு அலுவலகங்கள் பல இருக்கு. இப்படி ஒரு அலுவலகத்தில் நிரந்தர ஊழியர் செய்யும் அதே வேலையைத் தினக்கூலிக்குச் செய்பவருக்குச் சம்பளம் எப்படிக் கணக்கிடப்படும்?

விதி என்ன சொல்லுது?

மத்தியப் பணியாளர் துறை 1988 ஜூன் 7-ல் வெளியிட்ட உத்தரவுதான் அடிப்படை. வேலை ஒரே மாதிரி இருந்தால், அந்தப் பணிக்கான குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி இரண்டையும் கூட்டி, அதில் 30-ல் 1 பங்கை ஒருநாள் கூலியாகத் தரவேண்டும். தொடர்ந்து 6 நாள் உழைத்தால் ஒருநாள் சம்பளத்துடன் ஓய்வு. வேலை நாளில் தேசிய விடுமுறை வந்தால் அதற்கும் கூலி உண்டு. வேலை வேறு மாதிரி என்றால் குறைந்தபட்சக் கூலி மட்டும்தான்.

கணக்கைப் பார்ப்போம்

கடைநிலைப் பணிக்கு அடிப்படைச் சம்பளம் ₹18,000. 2024 ஜனவரியில் அகவிலைப்படி 50%. மொத்தம் ₹27,000. ஒருநாளுக்கு ₹900. இதுவரை இருவரும் சமம்.

வித்தியாசம் விடுப்பில்தான் வருது. வாரம் 6 நாள் இயங்கும் அலுவலகம் என வைத்துக்கொள்வோம். ஞாயிறு போக ஆண்டுக்கு 313 வேலை நாள். நிரந்தர ஊழியருக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு, அதில் வரும் ஞாயிறுகளைக் கழித்தால் 26. தற்செயல் விடுப்பு 8, அரசு விடுமுறை 17. ஆக 51 நாள் வேலைக்கு வராமலே சம்பளம் உண்டு. 262 நாள் உழைத்து ₹3,24,000 பெறுகிறார்.

தற்காலிக ஊழியரும் அதே 262 நாள் வந்தால், வார ஓய்வு சுமார் 43, தேசிய விடுமுறை 3 சேர்த்து 308 நாளுக்குத்தான் கூலி. அதாவது ₹2,77,200. உழைத்த ஒரு மணி நேரத்துக்கு நிரந்தர ஊழியருக்குச் சுமார் ₹155, இவருக்கு ₹132. ஆண்டுக்கு ₹46,800 இடைவெளி. வீட்டு வாடகைப் படி, ஓய்வூதியம் எல்லாம் இதில் சேர்க்கவே இல்லை.

ஈடுகட்ட வழி உண்டா?

ஆஸ்திரேலியாவில் தற்காலிக ஊழியருக்கு விடுப்பு போன்ற சலுகைகளுக்கு ஈடாக மணிக்கூலியில் பொதுவாக 25% கூடுதலாகத் தருகிறார்கள். நம்ம கணக்கில் இடைவெளியை அடைக்கவே சுமார் 17% வேணும். 1988 உத்தரவில் அப்படி ஒரு தொகை கிடையாது. சம வேலைக்குச் சம ஊதியம் என 2016-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும் ஊதிய விகிதத்தின் குறைந்தபட்சத்தைத்தான் உறுதி செய்தது.

எதைச் சரிபார்க்கணும்?

சம்பளப் பட்டியலில் நாள் எண்ணிக்கையைப் பாருங்க. மாதம் 26 நாள் உழைத்தும் 26 x 900 = ₹23,400 மட்டும் வந்திருந்தால், 30-ஆல் வகுத்துவிட்டு வார ஓய்வுக் கூலியை விட்டுட்டாங்கன்னு அர்த்தம். அதை எழுத்துப்பூர்வமாகக் கேட்கலாம்.