கொடுத்தது ஒரு தொகை, திரும்பியது ஒரு தொகை!



வெளிநாட்டுக் கடையில் கார்டு மூலம் பொருள் வாங்கித் திருப்பி அனுப்பிய நம் உறுப்பினர்கள் சிலர், "முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டதாகக் கடைக்காரன் எழுதுகிறான், வங்கியில் குறைத்து வரவு வைத்திருக்கிறார்கள், யார் ஏமாற்றுகிறார்கள்?" என்று என்னிடம் கேட்டதுண்டு. நானும் அந்த அனுபவம் பட்டவன்தான். என் கணக்கையே இங்கே விரித்துச் சொல்கிறேன். சுங்க வரி தனிக் கணக்கு, அதை இதில் சேர்க்கவில்லை.

2024 ஜனவரியில், பருப்பு வகைகளின் ஈரப்பதம் பார்க்கும் கருவி ஒன்றை 400 டாலருக்கு வரவழைத்தேன். அன்று என் கார்டுக்குப் போட்ட விலை டாலருக்கு ரூ.83.20. ஆக, சரக்கின் கிரயம் ரூ.33,280. இதன்மேல் என் வங்கி, அந்நியச் செலாவணிக் கட்டணம் என்று 3.5 சதவீதம், அதாவது ரூ.1,165 எடுத்தது. அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ரூ.210. பைசாவை விட்டுவிட்டுப் பார்த்தால் மொத்தப் பற்று ரூ.34,655.

கருவி சரியாக வேலை செய்யவில்லை. திருப்பி அனுப்பினேன். மார்ச்சில் கடைக்காரர் 400 டாலரையும் ஒரு காசு குறைக்காமல் திருப்பினார். அன்றைய விலை ரூ.82.80. என் கணக்கில் வரவு ரூ.33,120. துண்டு விழுந்தது ரூ.1,535.

இதை ஒரே தொகையாகப் பார்த்தால்தான் குழப்பம். இரண்டாகப் பிரித்தால் விஷயம் விளங்கிவிடும்.

முதலாவது, டாலர் விலை இறங்கியதால் வந்த ரூ.160. இதில் யார் மீதும் குற்றமில்லை. பக்கத்துக் கடையில் ஒரு மூட்டை துவரம் பருப்பு கைமாற்று வாங்கினால் நாம் மூட்டையாகத்தான் திருப்பிக் கொடுக்கிறோம். இடையில் பருப்பு விலை ஏறினாலும் இறங்கினாலும் மூட்டைக்கு மூட்டை சரி. அதுபோல வெளிநாட்டுக் கடைக்காரரின் பில் டாலரில் இருக்கிறது, அவர் டாலருக்கு டாலர் கொடுத்துவிட்டார். வாங்கியது ஒரு நடவடிக்கை, திரும்பியது இன்னொரு நடவடிக்கை என்றே கார்டு நிறுவனம் கணக்கு வைக்கிறது. அதது பதிவாகும் நாளின் விலைதான் அததற்கு. டாலர் ஏறியிருந்தால் லாபம் நமக்கு வந்திருக்கும்.

இரண்டாவது, வங்கி எடுத்த ரூ.1,375. துண்டில் பெரும்பகுதி இதுதான். என் டாலருக்கு ரூ.86.60-க்கு மேல் கிடைத்திருந்தால்தான் போட்ட பணம் முழுவதும் கைக்கு வந்திருக்கும். வங்கியில் கேட்டதற்கு, "நாணயம் மாற்றிய வேலைக்கான கூலி அது, வேலை நடந்துவிட்டது" என்றார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. தரகர் பேசி முடித்த பேரம், சரக்கில் கோளாறு என்று முறிந்தால் நம் மண்டியில் தரகை அப்படியே வைத்துக்கொள்வாரா? பாதியையாவது விட்டுக்கொடுப்பார். வியாபாரமே ரத்தான பின் முழுக் கட்டணத்தையும் வைத்துக்கொள்வது நியாயமில்லை. திருப்பித் தராவிட்டாலும், "இது திரும்பாது" என்பதைக் கட்டணம் எடுக்கும்போதே தெளிவாகச் சொல்லவேண்டும். எல்லா வங்கியும் ஒரே விகிதம் வசூலிப்பதில்லை. ஆகவே, கார்டு வாங்கும்போதே விகிதம் எவ்வளவு, சரக்கு திரும்பினால் கட்டணம் திரும்புமா என்று இரண்டையும் கேட்டுக்கொள்வது நல்லது.

பணம் குறைந்து வந்தால் முதலில் கடைக்காரர் எத்தனை டாலர் திருப்பினார் என்று எழுத்தில் வாங்குங்கள். வரவான ரூபாயை அந்த டாலரால் வகுத்துப் பாருங்கள். அன்றைய டாலர் விலையை ஒட்டி வந்தால் கடைக்காரர் மேல் பழியில்லை. வெகுவாகக் குறைந்தால், திரும்பி வந்த தொகையிலும் வங்கி கட்டணம் பிடித்திருக்கிறதா என்று விசாரியுங்கள். டாலரே குறைந்திருந்தால், அனுப்புகூலியைக் கழித்தாரா என்று கடைக்காரரைக் கேளுங்கள்.

இன்னொரு யோசனை. ஆர்டர் கொடுத்தவுடன் மனம் மாறினால், தாமதிக்காமல் ரத்து செய்யச் சொல்லுங்கள். செல்பேசியில் செய்தி வந்தவுடன் பணம் போய்விட்டதாக அர்த்தமில்லை. கிரெடிட் கார்டில் முதலில் தொகையை நிறுத்திவைக்கிறார்கள், பிறகுதான் பற்று எழுதுகிறார்கள். பற்று எழுதுமுன் கடைக்காரர் ரத்து செய்துவிட்டால், நிறுத்திவைத்தது அப்படியே விடுபடும். விலை வித்தியாசமும் இல்லை, கட்டணமும் இல்லை. எனக்கு அந்த வாய்ப்பு இல்லை, ஏனென்றால் கோளாறு தெரிந்ததே கருவி வந்து சேர்ந்த பிறகுதான்.

என் பேரேட்டில் அந்த ரூ.160-ஐச் செலாவணி வித்தியாசம் என்றும், ரூ.1,375-ஐ வங்கிச் செலவு என்றும் எழுதிவிட்டேன். கடைக்காரர் பெயரில் பாக்கி எதுவும் வைக்கவில்லை. அவர் தரவேண்டியதைத் தந்துவிட்டார்.