இரண்டு ஆண்டுக் கெடு போதாது

டெல்லியில் மாத வாடகை 3,500 ரூபாயைத் தாண்டாத பழைய குடித்தனக்காரர்களுக்கு 1958-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமே காவல். 1988-இல் வந்த திருத்தப்படி, வீட்டுக்காரர் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 10 சதவீதம் உயர்த்தலாம். 2,000 ரூபாய் வாடகை 2,200 ஆகும். அடுத்த மூன்று ஆண்டு கழித்து 2,420. எழுத்துமூலம் அறிவிப்பு தந்து 30 நாள் கழிந்த பிறகே கூடுதல் தொகையைக் கேட்க முடியும்.

தொடக்கத்தில் பேசிய வாடகையே அதிகமென்றால்? நியாய வாடகைப் பிரிவுகளை 2002-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்யும் வரை, வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரி அதை நிர்ணயித்துவந்தார். கட்டுமானச் செலவுடன், கட்டத் தொடங்கிய நாளின் நிலமதிப்பையும் சேர்த்து, அதில் ஆண்டுக்கு 10 சதவீதம் என்பது அடிப்படைக் கணக்காக இருந்தது.

ஆனால் குடிவந்தவர் இரண்டு ஆண்டுக்குள் மனு செய்தாக வேண்டியிருந்தது. வீட்டுக்காரரைப் பகைத்துக்கொள்ள மிகவும் அஞ்சும் காலம் அதுதான். நியாய வாடகை முறையை மீண்டும் கொண்டுவந்தால், இந்தக் கெடுவை நாடாளுமன்றம் நீட்டிக்க வேண்டும்.