சான்றிதழ் கஞ்சிக்கோட்டில், காற்று சூரியநெல்லியில்

காற்றுவேகம் பற்றிய ஆய்வேடுகளில் ஒரு வாக்கியம் மந்திரம்போல் ஓதப்படுகிறது: 'கருவி அளவுத்திருத்தம் செய்யப்பட்டது.' எந்த அடர்த்தியுள்ள காற்றில் என்று நெறியாளரும் கேட்பதில்லை; தேர்வாளரும் கேட்பதில்லை. அக்கேள்வி இல்லாமல் அந்த வாக்கியத்திற்குப் பொருளே இல்லை.

பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டின் எஃப்.சி.ஆர்.ஐ. போன்ற ஆய்வகங்களில், காற்றுச் சுரங்கத்தின் உண்மையான வேகம் பெரும்பாலும் பிட்டோ குழாயால் அறியப்படுகிறது. அக்குழாய் தருவது வேகத்தை அன்று, அழுத்த வேறுபாட்டை. v = √(2Δp/ρ) என்பதால், சுரங்கத்தின் வெப்பநிலை, அழுத்தம், ஈரப்பதம் ஆகியவற்றிலிருந்து அடர்த்தியைக் கணக்கிட்ட பின்னரே வேகம் பிறக்கிறது. சான்றிதழில் அம்மூன்றும் குறிக்கப்படுவதன் காரணம் இதுவே. ஆய்வேடுகள் படிக்காமல் விடுவதும் அந்த வரிகளையே.

சுரங்கத்தில் 30° செல்சியஸ், 1000 ஹெக்டோபாஸ்கல் எனில் உலர்காற்றின் அடர்த்தி கனமீட்டருக்கு 1.15 கிலோ. கொழுக்குமலைக்கு ஜீப் ஏறும் சூரியநெல்லிப் பக்கத்தில் 20°, 860 ஹெக்டோபாஸ்கல் உள்ள ஒரு தேயிலைச் சரிவில் அது 1.02. அங்கே காற்று நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வீசட்டும். சுரங்கத்தின் அடர்த்தியையே வைத்துக் கணக்கிடும் பிட்டோ குழாய் 9.4 என்று காட்டும். வெப்பக்கம்பி அனிமோமீட்டர் 8.9 என்றே காட்டும். ஏனெனில் கம்பியைக் குளிர்விப்பது வேகம் மட்டுமன்று, வேகமும் அடர்த்தியும் சேர்ந்த பெருக்கம். காற்றின் ஆற்றல் வேகத்தின் முப்படியைச் சார்ந்தது. ஆகவே 8.9 என்ற அளவை நம்பும் ஆய்வேடு அச்சரிவின் ஆற்றலில் ஏறத்தாழ 30 விழுக்காட்டைத் தொலைத்துவிடுகிறது.

'கருவியில் வெப்பநிலை ஈடுசெய்தல் உண்டே' என்பது வழக்கமான மறுப்பு. அவ்வசதி காற்றின் வெப்பநிலையை மட்டுமே உணர்கிறது. மலையேறியதால் குறைந்த அழுத்தத்தை அது அறியாது.

இதற்கு எதிர்த்திசைப் பிழையும் உண்டு. கிண்ண அனிமோமீட்டரின் அளவையும் சிலர் அடர்த்தியால் திருத்துகின்றனர். கிண்ணத்தின் குழிந்த பக்கத்தில் விழும் விசையும் குவிந்த பக்கத்தில் விழும் விசையும் ஒரே விகிதத்தில் குறைவதால், சுழல்வேகம் ஏறக்குறைய மாறுவதில்லை. தாங்கியின் உராய்வு மேலோங்கும் மெல்லிய காற்றில் மட்டுமே சிறு வேறுபாடு தோன்றும். அங்கே அடர்த்தி நுழைய வேண்டிய இடம் ½ρv³ என்ற ஆற்றல் கணக்கே. வேகத்திலும் நுழைத்தால் ஒரே திருத்தம் இருமுறை நிகழும்.

ஐயமிருப்பின் சோதனை எளிது. இரு கருவிகளையும் அருகருகே நிறுத்தி, பல வேகங்களில் அளவெடுக்க வேண்டும். வெப்பக்கம்பியின் அளவு எல்லா வேகத்திலும் கிண்ணத்தினதில் 0.89 பங்காகவே நின்றால் குற்றவாளி அடர்த்தி. விகிதம் வேகத்துக்கு வேகம் மாறினால் கோளாறு கருவியில்.

களத்தின் அழுத்தமும் வெப்பநிலையும் குறிக்கப்படாத காற்றுவேக அட்டவணையைத் தேர்வாளர்கள் திருப்பி அனுப்பட்டும். அவ்விரு எண்களும் இல்லாமல் அதைப் பிறகு எவராலும் திருத்த முடியாது.