கொட்டப்படும் புளித்த தயிரும் வழித்துண்ணப்படும் இளஞ்சிவப்பும்

விடுதி அறைகளில் தாமே உறை ஊற்றிக்கொள்ளும் படித்தவர்கள் தயிர் விஷயத்தில் தலைகீழான நீதியைக் கடைப்பிடிக்கின்றனர். நாக்கு கூசும் புளிப்பும் மேலே தேங்கிய நீரும் கண்டால் கொட்டிவிடுகின்றனர். ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு திட்டு கண்டாலோ, அதை மட்டும் கரண்டியால் வழித்தெறிந்துவிட்டு மீதியைச் சோற்றில் பிசைகின்றனர்.

மே மாத டெல்லியை எடுத்துக்கொள்வோம். மாலையில் காய்ச்சி ஆற்றி உறை ஊற்றிய பால் சில மணி நேரத்தில் கட்டியாக உறைந்துவிடுகிறது. குளிர்பெட்டி இல்லாத அறையில் மறுநாள் மதியம் வரை கிடந்தால், அதிலுள்ள பாக்டீரியாக்கள் பால் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றிக்கொண்டே இருக்கும். அமிலம் ஏற ஏறப் புரத வலை இறுகி, தான் தாங்கியிருந்த நீரை வெளியேற்றும். அந்நீரின் மெல்லிய பச்சை கலந்த மஞ்சள் நிறம் பாலிலேயே உள்ள ரைபோஃபிளேவினுடையது. மேற்பரப்பு வெண்மையாகவும் வாசனை வெறும் புளிப்பாகவும் இருந்தால், இது முதிர்ந்த தயிரே அன்றிக் கெட்ட தயிர் அன்று. வட இந்தியச் சமையலறை இதைத் தேடி எடுத்துத்தான் கடி வைக்கிறது.

ஆனால் நீர் எப்போது விட்டது என்ற கேள்வியை எவரும் கேட்பதில்லை. உறைந்த பின் நீர் விடுவது வேறு. இரவு முழுதும் உறையாமலே நீர்த்துக் கிடப்பது வேறு. பின்னதில் அமிலம் உரிய நேரத்தில் ஏறவில்லை. வெதுவெதுப்பான பாலில் பிற கிருமிகள் பெருக அவகாசம் கிடைத்திருக்கிறது. அதைக் கொட்டுவதே முறை. குமிழிகளும் கள்வாடையும் எழுந்தாலும் அவ்வாறே.

இளஞ்சிவப்புக்கு வருவோம். ஊறுகாய்க் கரண்டி பட்ட கறையாக இருந்தால் அது பட்ட இடத்திலேயே நிற்கும். நாளுக்கு நாள் பரவினால் அது உயிருள்ளது. பெரும்பாலும் ரோடோடொருலா போன்ற ஈஸ்ட், சில வேளைகளில் செராட்டியா போன்ற பாக்டீரியா. 'புளிப்பில் எதுவும் வளராது' என்ற வாதம் இங்கே உடைகிறது. ஈஸ்ட்டுகள் அமிலத்தைத் தாங்குபவை. பல, லாக்டிக் அமிலத்தையே உண்டு தயிரின் காவலைத் தளர்த்துபவை. ரோடோடொருலா குளிர்பெட்டிக்குள்ளும் வளரும். தயிர் கெட்டிப் பாலாடைக்கட்டி அன்று, சுற்றிலும் வெட்டியெறிந்து மீதியைக் காப்பாற்றுவதற்கு. ஈரமான, இளகிய பொருளில் கண்ணுக்குத் தெரியும் திட்டோடு வளர்ச்சி நிற்பதில்லை.

'கொதிக்க வைத்தால் போயிற்று' என்போரும் உளர். கொதி ஈஸ்ட்டைக் கொல்லும்; ஆனால் உடன் வளர்ந்தவை எவை என்பதை நிறம் சொல்லாது. ஸ்டாஃபிலோகாக்கஸ் விட்டுச்செல்லும் நஞ்சு கொதியிலும் அழியாது.

ஆகவே இளஞ்சிவப்புத் தயிர் முழுவதும் குப்பைக்குரியது. அதிலிருந்து ஒரு துளியும் அடுத்த பாலுக்கு உறையாகக் கூடாது. பாத்திரத்தையும் கரண்டியையும் தேய்த்துக் கழுவிக் கொதிநீர் ஊற்றி, புதிய உறை வாங்க வேண்டும்.