வெட்டலாம், திரிக்கலாமா?

ஒரு மணி நேரப் பேட்டியைப் பத்திரிகையில் அப்படியே போட இடம் இராது. "வந்து", "அதாவது" போன்ற ஒட்டுச் சொற்களை நீக்குவதும், ஒரே கருத்தை மூன்று முறை சொன்னால் ஒரு முறை போடுவதும், தடுமாறிய வாக்கியத்தை ஒழுங்கு செய்வதும் தவறல்ல. பேசியவரின் கருத்து மாறாத வரைக்கும் வெட்டலாம்.

அந்த வரம்பு எங்கே மீறப்படுகிறது என்பதை அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு காட்டுகிறது. சிக்மண்ட் ஃபிராய்டின் ஆவணக் காப்பகத்தில் பதவி இழந்த ஜெஃப்ரி மாசன் என்பவரைப் பேட்டி கண்டு, ஜேனட் மால்கம் என்ற எழுத்தாளர் 1983-இல் 'நியூயார்க்கர்' இதழில் கட்டுரை எழுதினார். பதவி நீக்கத்தை வாய் திறவாமல் ஏற்கும்படி மூத்தவர் ஒருவர் மாசனிடம் கேட்டாராம். ஏன் ஏற்க வேண்டும் என்றதற்கு, அதுவே கண்ணியமான செயல் என்றாராம். "அவர் ஆளைத் தவறாக எடை போட்டுவிட்டார்" என்ற கருத்தில் மாசன் பேச்சை முடிப்பதாகக் கட்டுரையில் இருந்தது. படிப்பவருக்கு, கண்ணியம் தனக்கு ஒத்துவராது என்று அவரே சொல்வது போலத் தோன்றும்.

ஒலிப்பதிவு நாடாவிலோ நடுவில் இன்னொரு பேச்சும் இருந்தது. பேசாமல் அடங்கிப் போனால் சில ஆண்டுகளில் திரும்ப அழைத்துக்கொள்ளவும் கூடும் என்று அந்த மூத்தவர் ஆசை காட்டினாராம். அதற்குப் பிறகுதான் மாசன் அப்படிச் சொன்னார். அந்தப் பேரத்தை அவர் மறுத்தார் என்று கொள்ள இடமுண்டு. நடுவில் இருந்ததை எடுத்ததும், மறுப்பு கண்ணியத்தின் மேல் போய் விழுந்தது.

1991-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சொல்லை மாற்றியதாலேயே குற்றமாகாது, பொருள் கணிசமாக மாறியதா என்பதே கேள்வி என்றது. இந்தப் பகுதியையும் நடுவர் குழு விசாரிக்கலாம் என்றது. 1994-இல் நடுவர் குழு மால்கம் பக்கமே தீர்ப்புச் சொன்னது. அவதூறு வழக்கில் தப்பினாலும், வெட்டு நேர்மையானது என்று ஆகிவிடாது.

இதே வெட்டு ஓர் ஆலைத் தொழிலாளியின் பேட்டியில் நேர்ந்தால் என்ன ஆகும்? "பாக்கிக் கூலியைத் தந்தால் நாளையே வேலைக்குத் திரும்புவோம்" என்கிறார் அவர். "நாளையே வேலைக்குத் திரும்புவோம்" என்று மட்டும் அச்சானால், அதில் அவர் சொல்லாத சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் மறுநாள் காலை ஆலை வாசலில் அவரைத் தோழர்கள் துரோகியாகப் பார்ப்பார்கள்.

ஆகவே, "தந்தால்", "ஆனால்", "இல்லாவிட்டால்" என்ற சொற்கள் தாங்கி நிற்கும் பகுதியில் கத்தரி படக் கூடாது. பதில் எந்தக் கேள்விக்கு உரியதோ அந்தக் கேள்வியும் கூடவே நிற்க வேண்டும். வெட்டிய பகுதியை நாடாவோடு ஒப்பிட்டு, "இவர் எதை ஏற்றார், எதை மறுத்தார்?" என்று கேட்டுப் பார்த்தால் போதும். இரண்டிலும் ஒரே விடை வந்தால் அது சுருக்கம். விடை வேறானால் அது திரிப்பு.