மூன்று டன் கூடுதல் லோடும் முக்கால் பங்கு இழப்பீடும்

நெல்லூரிலிருந்து அரிசி ஏற்றிக்கொண்டு ஜி.என்.டி. சாலையில் வரும் லாரிகளை ஆரம்பாக்கத்திலோ கவரைப்பேட்டையிலோ நின்று பார்த்தவர்களுக்கு நாம் சொல்லப்போவது புதிதாக இராது. பின்சக்கரத்துப் பட்டைகள் நிமிர்ந்து மட்டமாகிக் கிடக்கும். டயர் அடியில் பிதுங்கி நிற்கும். அந்த லாரி கவிழ்ந்தால் யாருக்கு என்ன கிடைக்கும் என்பதைச் சரக்கை ஏற்றச் சொன்ன வியாபாரியும் யோசிப்பதில்லை, ஏற்றிய லாரிக்காரரும் யோசிப்பதில்லை. "இன்சூரன்ஸ் இருக்கிறது" என்ற ஒரே தைரியம்தான்.

இன்சூரன்ஸ் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் முழுதாக இல்லை. எவ்வளவு இருக்கிறது என்பதை ஒரு கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

இரண்டு அச்சு லாரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாரத்தோடு சேர்த்து மொத்த எடை 18,500 கிலோ வரை போகலாம் என்று ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது, காலி வண்டியின் எடை 6,500 கிலோ. அப்படியானால் ஏற்றக்கூடிய சரக்கு 12 டன். இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பமாக 480. ஆனால் ஏறுவது 600 சிப்பம், அதாவது 15 டன். இந்த மூன்று டன்னுக்குத் தனி நடை போட வேண்டியதில்லை என்பதால் டன்னுக்கு ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று வைத்தாலும் மொத்த ஆதாயம் 3,000 ரூபாய்.

இங்கே ஒரு சின்ன விஷயம். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பை அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்த பிறகு 26 கிலோ சிப்பம் பரவியது நம் எல்லோருக்கும் தெரியும். வரிக் கணக்கு மாறியது. சிப்பத்தை எண்ணி லோடு போடும் பழைய கணக்கு மட்டும் மாறவில்லை. அளவோடுதான் ஏற்றினோம் என்று நினைத்து 480 சிப்பம் போட்டவருக்கும் 480 கிலோ கூடுதலாகிவிடுகிறது. எண்ணிக்கையை நம்பாமல் எடை மேடையை நம்ப வேண்டும் என்பதற்கு இதுவே போதும்.

இனி விபத்துக்கு வருவோம். மேலே சொன்ன 15 டன் லாரி தச்சூர் கூட்டுச் சாலையருகே பிரேக் பிடிக்காமல் ஓரம் இறங்கிக் கவிழ்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டறைக்காரர் 4 லட்சத்துக்கு எஸ்டிமேட் கொடுக்கிறார். சர்வேயர் டயர், ரப்பர், பிளாஸ்டிக் சாமான்களுக்குப் பாதி தேய்மானம் கழித்து, மற்ற பாகங்களுக்கு வண்டியின் வயதுக்கேற்பக் கழித்து, பாலிசியில் உள்ள கட்டாயக் கழிவையும் எடுத்து, 3 லட்சம் கொடுக்கத்தக்கது என்று எழுதுகிறார். அளவான லோடாக இருந்தால் இந்த 3 லட்சம் வந்திருக்கும். கூடுதல் லோடு என்று தெரிந்தபின் அந்தக் கோப்பு வேறு பிரிவுக்குப் போகிறது. இன்சூரன்ஸ்காரர்கள் அதற்கு 'நான்-ஸ்டாண்டர்டு செட்டில்மென்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய வழிகாட்டுக் குறிப்பின்படி, அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றிய வண்டிக்குக் கொடுக்கத்தக்க தொகையில் 75 சதவீதத்துக்கு மிகாமல் கொடுக்கலாம். நம் கணக்கில் அது அதிகபட்சம் 2,25,000. மூவாயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் 75,000 போயிற்று. அந்த லாரி பைனான்சில் இருந்தால் வருகிற தொகையும் முதலில் பைனான்ஸ்காரருக்குத்தான் போகும்.

இந்தக் குறிப்பை உச்ச நீதிமன்றமே 2010-ல் அமலேந்து சாகூ வழக்கில் எடுத்துக்காட்டியிருக்கிறது. அது லோடு பற்றிய வழக்கு அல்ல. சொந்த உபயோகத்துக்கென்று இன்சூர் செய்த வண்டியை வாடகைக்கு விட்ட வழக்கு. நிபந்தனையை மீறினார் என்பதற்காக ஒரு பைசாவும் தரமாட்டோம் என்று கம்பெனி கைவிரிக்க முடியாது, இந்த முறைப்படியாவது கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆகவே 'ஓவர்லோடு, க்ளெய்ம் கிடையாது' என்று ஒரு வரிக் கடிதம் வந்தால் அதை வாங்கி மடித்து வைத்துவிட வேண்டியதில்லை. அதே சமயம் '75 சதவீதத்துக்கு மிகாமல்' என்பது உச்சவரம்பு. கட்டாயம் 75 என்று பொருளல்ல. அதற்குக் கீழே பேரம் பேசும் அதிகாரிகள் உண்டு. முழுமையாகவும் இறுதியாகவும் பெற்றுக்கொண்டேன் என்ற ரசீதில் கையெழுத்துப் போட்ட பிறகு அந்தப் பேரத்தை மறுபடி திறப்பது மிகவும் கடினம். சம்மதமில்லையென்றால் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

முழுத் தொகையும் வாங்கலாம் என்று சொல்லும் தீர்ப்புகளும் உண்டு என்று வக்கீல்கள் சொல்வார்கள். உண்டுதான். 1996-ல் பி.வி. நாகராஜு வழக்கில், ஆறு பேருக்கு அனுமதியுள்ள சரக்கு வண்டியில் ஒன்பது பேர் இருந்தார்கள். எதிரே வந்த வண்டி மோதியது. கூடுதலாக ஆள் ஏறியது விபத்துக்குக் காரணமாகவில்லை என்பதால் இழப்பீட்டை மறுக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். 2016-ல் லக்மி சந்த் வழக்கிலும் அதே நிலையை எடுத்து, கூடுதல் ஆட்களால்தான் விபத்து நடந்தது என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு கம்பெனியுடையது என்றது.

இந்தத் தீர்ப்புகளை நம் சரக்கு லாரிக்குப் பொருத்தும்போது ஒரு வித்தியாசத்தை மறந்துவிடக்கூடாது. வண்டியில் மூன்று பேர் கூடுதலாக உட்கார்ந்ததால் பிரேக் கெட்டுப்போகாது. மூன்று டன் கூடினால் பிரேக் பிடித்தும் நிற்கிற தூரம் நீளும், டயர் சூடேறி வெடிக்கும், பட்டை முறியும், உயரமாக அடுக்கிய லோடு வளைவில் சாயும். ஓரமாக நிறுத்தியிருந்த லாரியில் பின்னாலிருந்து வேறொரு வண்டி மோதியது என்றால் நாகராஜு தீர்ப்பைக் காட்டி முழுத் தொகைக்கும் வாதாடலாம். முதல் தகவல் அறிக்கை எதிர் வண்டிக்காரர் பேரில் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் தன்னால் தானே கவிழ்ந்த லாரிக்கு, டயர் வெடித்த லாரிக்கு, அந்த வாதம் நிற்காது. சர்வேயர் முறிந்த பட்டையைப் படம் எடுத்து வைத்துக்கொள்கிறார். கம்பெனிக்கு அதற்குமேல் நிரூபிக்க அதிகமில்லை.

சாலையில் போன மூன்றாம் நபருக்கு அடிபட்டால் கதை வேறு. அவருக்குத் தரவேண்டிய நஷ்டஈட்டைக் கம்பெனி மறுப்பதற்குச் சட்டம் அனுமதித்திருக்கும் காரணங்கள் சிலவே. கூடுதல் எடை அவற்றில் ஒன்றாகச் சொல்லப்படவில்லை. வெட்டு விழுவது சொந்த வண்டியின் சேதத்தில்தான்.

அப்படியானால் எடையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கவிழ்ந்த லாரியை யாரும் எடை மேடைக்குத் தூக்கிப் போவதில்லை. காகிதத்தில்தான் கண்டுபிடிக்கிறார்கள். க்ளெய்ம் பாரத்தோடு பெர்மிட், எப்.சி., ஆர்.சி. கேட்பதைப் போலவே லோடு சலானையும் கேட்கிறார்கள். எல்.ஆர்., பில், இ-வே பில் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். எளாவூர் சோதனைச் சாவடியில் கட்டிய அபராத ரசீது வண்டிக்குள்ளேயே இருந்தால் வேறு சாட்சியே தேவையில்லை. அபராதம் கட்டிவிட்டால் அந்த லோடு சட்டப்படியானதாகிவிட்டது என்று நம்மில் பலர் இன்னும் நினைக்கிறார்கள். அபராதத்தை வாங்கிக்கொண்டு கூடுதல் பாரத்தோடு வண்டியை அனுப்புவதே சட்டவிரோதம் என்று 2005 நவம்பரில் பரம்ஜித் பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019-ல் திருத்திய சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய்; இறக்கும் செலவும் நம் தலையில்; கூடுதல் சரக்கை இறக்காமல் வண்டி நகரக்கூடாது. நம் மூன்று டன்னுக்கு அது 26,000.

இதற்குப் பயந்துதான் பில்லில் 12 டன் என்று எழுதி 15 டன் ஏற்றும் பழக்கம் வந்தது. இதைத்தான் நாம் மிகவும் ஆபத்தானதாகக் கருதுகிறோம். லாரியின் பாலிசி லாரிக்கு மட்டும்தான். அதில் ஏற்றிய சரக்குக்கு அது ஒரு ரூபாயும் தராது. சரக்குக்கு வியாபாரி தனியாக டிரான்சிட் பாலிசி எடுத்திருக்க வேண்டும். எடுத்திருக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். 600 சிப்பம் வாய்க்காலில் விழுந்து நனைந்துவிட்டது. பில்லில் 480-தான் இருக்கிறது. மீதி 120 சிப்பத்துக்கு எந்தக் காகிதத்தைக் காட்டிக் கேட்பது? உண்மையைச் சொல்லி 600-க்கும் கேட்டால் லாரிக்காரரின் க்ளெய்மில் கால் பங்கு போகிறது; பில் இல்லாத சரக்குக்கு வரி அதிகாரியிடமும் பதில் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் 120 சிப்பத்தின் விலை வியாபாரியோடு போகிறது. லாரிக்காரர் ஒரு எடையும் வியாபாரி ஒரு எடையுமாக எழுதிக் கொடுத்துவிட்டால் இருவர் பேரிலும் பொய்த் தகவல் என்ற குற்றச்சாட்டு எழும். அப்போது 75 சதவீதச் சலுகை பற்றிய பேச்சுக்கே இடமில்லை. முழு க்ளெய்மும் போய்விடும்.

சில்லறை மளிகைக் கடைக்காரர், நாம் என்ன பத்து மூட்டைதானே போடுகிறோம் என்று எண்ணுவார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி ஏற்றிய லாரியின் மேல் அந்தப் பத்து மூட்டையை 'மேல் லோடாக'ப் போட்டு அனுப்பும்போது, அடியில் எத்தனை டன் இருக்கிறது என்று அவர் கேட்பதேயில்லை. கம்பிக்காரரின் கூடுதல் எடைக்கு இவருடைய மிளகாய் மூட்டையும் சேர்ந்து கவிழ்கிறது. டிரான்சிட் பாலிசி இல்லாதவர் லாரி சர்வீஸ்காரரைத்தான் பிடிக்க வேண்டும். சரக்கின் மதிப்பைச் சொல்லிக் கூடுதல் கட்டணம் கட்டி எழுதி வாங்காதவருக்கு, 2011-ம் ஆண்டு விதிப்படி லாரி சர்வீசின் பொறுப்பு வாடகையைப் போல் பத்து மடங்கோடு நின்றுவிடும். பத்து மூட்டைக்கு 600 ரூபாய் வாடகை கொடுத்தவருக்கு 6,000 ரூபாய்.

இன்சூரன்ஸ் கம்பெனிகள் நம்மை ஏமாற்றுகின்றன என்று கூட்டங்களில் பேசுகிறோம். காரணமே பார்க்காமல் எல்லா ஓவர்லோடு க்ளெய்மையும் 75-க்குக் கீழே தள்ளும் போக்கை நாமும் எதிர்க்கிறோம். அப்படித் தள்ளப்பட்டவர்கள் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். ஆனால் அங்கே போய் நிற்பவர் கையில் சரியான எடைச் சீட்டு இருக்க வேண்டும். இதற்கு நம் சங்க உறுப்பினர்கள் செய்யக்கூடியது, லோடு ஏறியதும் வண்டியை எடை மேடையில் ஏற்றி, அந்தச் சீட்டின் எண்ணை எல்.ஆரிலும் பில்லிலும் குறித்த பிறகே வாடகை முன்பணம் கொடுப்பது. மேடைக் கூலியை யார் கொடுப்பது என்று தகராறு வரும். சரக்கு வாங்குகிறவரே கொடுத்துவிடட்டும் என்பது நம் அபிப்பிராயம். அந்தச் சீட்டின் ஒரு நகல் அவர் கையில் இருக்க வேண்டும்.